எண்பதாயிரம் வியாபாரம், கையில் இரண்டாயிரம்
வீட்டுச் சாப்பாட்டுத் தொழிலை ஒரே தாளில் வைத்துப் பார்ப்பது எப்படி?

மாதம் ஏறக்குறைய எண்பதாயிரம் ரூபாய்க்குச் சாப்பாடு விற்கும் ஒரு வீட்டில், எல்லாச் செலவும் போகக் கடைசியில் மிஞ்சுவது இரண்டாயிரத்துச் சொச்சம். சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஆர்டருக்கும் குறைவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. அப்படியானால் பணம் எங்கே போகிறது? மளிகைச் சீட்டையும் கேஸ் பில்லையும் எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. யாருக்கு விற்கிறோம், அவர் எதற்காக வாங்குகிறார், எந்த முறையில் பணம் தருகிறார் என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஓட்டை கண்ணில் படும்.

அப்படி வைத்துப் பார்க்க உதவும் ஒரு தாள்தான் பிசினஸ் மாடல் கேன்வாஸ். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர், லொசான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈவ் பிக்நரின் வழிகாட்டலில் செய்த ஆய்வில் முளைத்தது இது. 2010இல் இருவரும் வெளியிட்ட 'பிசினஸ் மாடல் ஜெனரேஷன்' புத்தகம் வழியாக உலகமெங்கும் பரவியது. பெரிய கம்பெனிகளின் கூட்ட அறைகளில் சுவரில் ஒட்டப்படும் தாள் என்றாலும், மூன்று அடுப்பு வைத்த சமையலறைக்கும் அது அப்படியே பொருந்தும்.

ஒரு பெரிய சார்ட் தாளை ஒன்பது கட்டங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வலது ஓரத்தில் வாடிக்கையாளர்கள். தாளின் நடுவில், அவர்களுக்கு நாம் தரும் பயன். இவை இரண்டுக்கும் இடையில் இரண்டு கட்டங்கள்: சாப்பாடு அவர்களிடம் போய்ச் சேரும் வழி ஒன்று, அவர்களோடு நமக்குள்ள உறவு மற்றொன்று. இடது பக்கம் வீட்டுக்குள் நடப்பவை: அன்றாட வேலைகள், கையிலிருக்கும் வளங்கள், நாம் நம்பியிருக்கும் கூட்டாளிகள். அடியில் இரண்டு நீளக் கட்டங்கள்: இடப்புறம் செலவு, வலப்புறம் வருமானம். சுருக்கமாக, தாளின் வலது பாதி வாங்குபவர் பக்கம், இடது பாதி அடுப்படிப் பக்கம்.

ஒன்பதையும் நிரப்ப அரை மணி நேரம் போதும். நிரப்பி முடித்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் பலரும் செய்வது. ஆனால் கட்டங்களுக்கு நடுவே கோடு போட்டுப் பார்க்கும்போதுதான் இந்தத் தாள் பேச ஆரம்பிக்கும்.

ஒரு வீடு, மூன்று வகை வாடிக்கையாளர்

இந்தக் கட்டுரைக்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு அக்கா. காலை ஏழரை மணிக்குச் சமையல் ஆரம்பம். கூடமாட உதவிக்கு ஒரு பெண், டெலிவரிக்கு பைக் வைத்திருக்கும் ஒரு பையன். ஞாயிறு விடுமுறை, ஆகவே மாதம் 26 நாள் வேலை. மதியச் சாப்பாடு மட்டும். ரேட்டும் செலவும் ஊருக்கு ஊர் மாறும். கீழே வரும் எண்கள் கணக்கு போடும் முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை.

வாடிக்கையாளர் கட்டத்தில் அக்கா முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: 'வீட்டுச் சாப்பாடு பிடித்தவர்கள்'. இப்படி எழுதிவிட்டால் தாளில் மேற்கொண்டு எதுவும் தெரியாது. வாட்ஸ்அப்பில் இருக்கும் ஆர்டர்களைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கூட்டம் தனித்தனியாகத் தெரியும்.

முதல் கூட்டம், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தனியாக இருக்கும் முதியவர்கள். தினம் 14 சாப்பாடு. மாதம் 2,000 ரூபாய், முன்பணமாக. ஒரு சாப்பாட்டுக்கு ஏறக்குறைய 77 ரூபாய் விழுகிறது.

இரண்டாவது, பி.ஜி. விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்கள். வேண்டும் என்றால் காலையில் ஒரு மெசேஜ், வேண்டாம் என்றால் அதுவும் இல்லை. ஒரு சாப்பாடு 80 ரூபாய். எத்தனை வரும் என்று தெரியாததால் அக்கா தினம் 20 பேருக்குச் சமைக்கிறார். சராசரியாகப் போவது 16.

மூன்றாவது, பக்கத்தில் உள்ள ஒரு சிறிய அலுவலகம். தினம் 10 சாப்பாடு, மொத்தமாக எடுப்பதால் 70 ரூபாய். மாதம் முடிந்து பில் போட்டு, பணம் வர மேலும் பதினைந்து நாள்.

மாத விற்பனை: முதியவர்கள் 28,000, இளைஞர்கள் 33,280, அலுவலகம் 18,200. மொத்தம் 79,480 ரூபாய். இதைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது, 'பி.ஜி. பசங்கதான் நம்ம தொழிலைத் தாங்குறாங்க' என்பதுதான்.

இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து ஒட்டுத்தாள்களை எடுத்துக்கொள்ள வேண்டும். முதியவர்களுக்குப் பச்சை, இளைஞர்களுக்கு மஞ்சள், அலுவலகத்துக்கு நீலம் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கட்டத்தில் பச்சை இருந்தால் பயன் கட்டத்திலும் ஒரு பச்சை, வருமானக் கட்டத்திலும் ஒரு பச்சை இருக்க வேண்டும். எந்த நிறம் எந்தக் கட்டத்தில் காணாமல் போகிறதோ, அங்கே கோடு அறுந்திருக்கிறது.

சாப்பிடுபவர் வேறு, பணம் தருபவர் வேறு

பயன் கட்டத்தில் அக்கா எழுதியது: 'சுத்தமான வீட்டுச் சாப்பாடு, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர், வெள்ளிக்கிழமை பாயசம்.' இது அவர் தருவதன் பட்டியல். எதிரில் இருப்பவர் எதைப் பெறுகிறார் என்பது இதில் இல்லை.

அதைத் தெரிந்துகொள்ள 'சாப்பாடு நல்லா இருக்கா?' என்று கேட்டுப் பயனில்லை. நல்லா இருக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நடந்ததைக் கேட்க வேண்டும். 'போன வாரம் ரெண்டு நாள் நான் லீவு போட்டேனே, அன்னைக்கு என்ன பண்ணீங்க?' என்ற கேள்வி நிறைய சொல்லிவிடும்.

முதியவர் வீட்டில் அதற்குக் கிடைக்கக்கூடிய பதில்: 'அதை ஏம்மா கேக்குற, ஹோட்டல்லேர்ந்து வரவழைச்சோம். ஒரே உப்பு, காரம். வந்ததும் ரெண்டு மணிக்கு. அவருக்கு மாத்திரை போடுற நேரம் தப்பிப்போச்சு.' ஆக, அவர்கள் வாங்குவது பன்னிரண்டரை மணிக்குத் தவறாமல் வரும், உப்பும் காரமும் குறைந்த, குழைவான சாப்பாட்டை. இன்னொன்றும் உண்டு. இந்த வீடுகளில் பலவற்றில் பணம் அனுப்புவது வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் மகனோ மகளோதான். அவருக்குச் சாப்பாட்டின் ருசி தெரியாது. 'அம்மா அப்பா நேரத்துக்குச் சாப்பிட்டாச்சு' என்ற நிம்மதிக்குத்தான் அவர் பணம் கட்டுகிறார். எனவே பச்சை நிறத்தில் இரண்டு ஒட்டுத்தாள் வேண்டும்: சாப்பிடுபவருக்கு ஒன்று, பணம் கட்டுபவருக்கு ஒன்று. அக்காவின் தாளில் இரண்டாவது இல்லவே இல்லை. மகனுக்கு அவர் எதுவும் சொல்வதில்லை, எதுவும் அனுப்புவதில்லை, எதற்கும் பணம் கேட்பதுமில்லை.

அதே கேள்விக்கு விடுதி இளைஞர் சொல்வது வேறாக இருக்கும்: 'அன்னைக்கு ஆப்ல பிரியாணி போட்டுட்டேன் ஆன்ட்டி.' சாப்பாடு இல்லாத நாளில் அவருக்குப் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. அவர் உண்மையில் பெறும் பயன், நினைத்த அன்று வாங்கலாம், நினைக்காத அன்று விட்டுவிடலாம் என்ற வசதி. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் ஆர்டர் கூடும், ஆபீஸ் போகும் நாட்களில் குறையும். அந்த வசதியை அக்கா இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அலுவலகத்தின் மேனேஜர் கேட்பது இரண்டே விஷயம்: ஒரு மணிக்குச் சாப்பாடு வந்துவிட வேண்டும், பத்துப் பேருக்கும் அளவு சரியாக இருக்க வேண்டும். மீதியெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம்.

இனி பாயசத்துக்கு வருவோம். எந்த நிறத்து வாடிக்கையாளரும் அதற்காக வரவில்லை, அதற்கென்று யாரும் காசு தருவதும் இல்லை. பயன் கட்டத்தில் நிறமில்லாமல் நிற்கும் இப்படிப்பட்ட தாள்கள் எல்லாமே செலவுக் கட்டத்தில் மட்டும் ஒரு வரியாக இருக்கும். பாயசத்தை நிறுத்தியே ஆகவேண்டும் என்று அர்த்தமில்லை. அது அன்பளிப்பு என்று தெரிந்து கொடுத்தால் சரி. வாடிக்கையாளர் அதற்காகத்தான் வருகிறார் என்று நம்பிக் கொடுத்தால் கணக்கு தவறும்.

கூட்டம் வாரியாகக் கணக்கு

செலவை மொத்தமாகப் பார்க்கும்வரை நிறங்கள் உதவாது. ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் நேரடிச் செலவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனியாகப் பிரிக்க வேண்டும்.

முதியவர் சாப்பாட்டுக்குப் பொருள் 36 ரூபாய், கேஸ் 4. அடுக்கு கேரியரில் போவதால் டப்பாச் செலவு இல்லை, கழுவ 2 ரூபாய் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாடியாக ஏறி, நேற்றைய காலி கேரியரை வாங்கி வர வேண்டியிருப்பதால் டெலிவரிக்கு 14. மொத்தம் 56. வரவு 77, மிச்சம் 21.

அலுவலகத்துக்குப் பொருள் 38, கேஸ் 4. பெரிய பாத்திரங்களில் ஒரே நடையில் போய்விடுவதால் டெலிவரி ஆளுக்கு 4. மொத்தம் 46. வரவு 70, மிச்சம் 24.

இளைஞர்களுக்கு அளவு கூடுதல், பொருள் 42. கேஸ் 4, தூக்கிப்போடும் டப்பா 7. வெவ்வேறு விடுதி, வெவ்வேறு நேரம் என்பதால் டெலிவரி 18. இதுவரை 71. இதற்குமேல்தான் பலரும் எழுத மறக்கும் வரி இருக்கிறது. தினம் 20 சமைத்து 16 விற்றால், விற்காத நான்கின் பொருளும் கேஸும் சேர்ந்து 184 ரூபாய். அதை விற்ற பதினாறின் தலையில் போட்டால் ஆளுக்கு 11.50. ஆக மொத்தம் 82.50. வரவு 80. ஒவ்வொரு சாப்பாட்டிலும் இரண்டரை ரூபாய் நஷ்டம்.

| கூட்டம் | தினம் | விலை | நேரடிச் செலவு | ஒன்றில் மிச்சம் | மாத மிச்சம் |
|---|---|---|---|---|---|
| முதியவர்கள் | 14 | 77 | 56 | 21 | 7,644 |
| இளைஞர்கள் | 16 | 80 | 82.50 | –2.50 | –1,040 |
| அலுவலகம் | 10 | 70 | 46 | 24 | 6,240 |

மூன்றையும் கூட்டினால் 12,844. உதவிப் பெண்ணின் சம்பளம் 9,000, சுத்தம் செய்யும் சாமான்கள், போன் முதலியவற்றுக்கு 1,500, இரண்டும் போக 2,344 ரூபாய். தினம் ஆறு மணி நேரம், மாதம் 156 மணி நேரம் அக்கா நின்று சமைக்கிறார். மணிக்கு 15 ரூபாய் விழுகிறது. விலையிலேயே அதிகமான 80 ரூபாய் கொடுப்பவர்களும், விற்பனையில் அதிகப் பங்கு உள்ளவர்களும் இளைஞர்கள்தான். நஷ்டம் வருவதும் அவர்களிடமிருந்துதான்.

இந்தக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. கேஸ் செலவை எழுதும்போது 19 கிலோ வணிக சிலிண்டரின் விலையில்தான் எழுத வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்த விதி இடம் தராது. அதன் விலையை வைத்துப் போட்ட மிச்சம், ஒரு சோதனை வந்த அன்றோடு மாறிவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எண்ணும் அப்படித்தான்: வீட்டிலிருந்து சமைத்து விற்றாலும் பதிவு வேண்டும். அதை வளங்கள் கட்டத்தில் ஒரு வரியாக எழுதிவிடுவது நல்லது.

வாக்குறுதி ஒரு வடிவம், வரவு இன்னொரு வடிவம்

இளைஞர்களிடம் விலையை 85 ஆக்கினால் போதுமே என்று தோன்றலாம். அப்போது ஒரு சாப்பாட்டில் இரண்டரை ரூபாய் மிஞ்சும். ஆனால் நோய் விலையில் இல்லை. அக்கா தருவது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் போகலாம் என்ற வசதி. அதனால் வரும் செலவு, வராதவர்களுக்காகச் சமைத்தது. பணமோ வந்தவர்களிடம் மட்டும் வாங்கப்படுகிறது. வராமல் போவதற்கு யாரும் எதுவும் தருவதில்லை. பயன் ஒரு வடிவத்திலும் வரவு வேறொரு வடிவத்திலும் இருக்கிறது. ஆர்டர் இன்னும் அதிகமாக ஏறி இறங்கும் ஒரு மாதத்தில் 85 ரூபாயும் போதாது.

இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வழி கூப்பன். 20 சாப்பாட்டுக்கு 1,600 ரூபாய் முன்பணம், 30 நாளுக்குள் விரும்பிய நாட்களில் எடுத்துக்கொள்ளலாம். முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்குள் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வாங்காவிட்டால் ஒரு கூப்பன் கழியும். கூப்பன் இல்லாமல் அன்றன்றைக்குக் கேட்பவருக்கு 95 ரூபாய், அதுவும் கைவசம் இருந்தால் மட்டும். டெலிவரி ஒவ்வொருவர் அறைக்கும் அல்ல, ஒவ்வொரு விடுதி வாசலுக்கும் குறித்த நேரத்தில் ஒரே நடை.

இப்போது டெலிவரி 18இலிருந்து 6 ஆகிறது. எண்ணிக்கை முந்தைய இரவே தெரிவதால் மிஞ்சும் சாப்பாட்டுக்கு 2 ரூபாய் வைத்தால் போதும். மொத்தச் செலவு 61, மிச்சம் 19. இந்தக் கண்டிப்புக்குப் பாதிப் பேர் விலகிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். எட்டுப் பேரிடம் மாதம் 3,952 ரூபாய் மிஞ்சும். பதினாறு பேரும் விலகினாலும், 1,040 ரூபாய் நஷ்டம் நிற்கிறது.

முதியவர்கள் பக்கம் பிரச்சினை நேர்மாறானது. அங்கே வரவின் வடிவம் சரி: தவறாத சேவைக்கு மாதம் தவறாத முன்பணம். அளவுதான் பொருந்தவில்லை. தனி உப்பு, தனிக் காரம், மாடி ஏறுதல், கேரியர் கழுவுதல் என்று அதிகக் கவனம் கேட்கும் சாப்பாடு, கவனமே வேண்டாத சாப்பாட்டைவிட மலிவாகப் போகிறது. பணம் கட்டும் மகனுக்கான பயனை அக்கா இன்னும் விற்கவே இல்லை. மாதம் 2,600 ரூபாய்க்கு ஒரு தனித் திட்டம் வைக்கலாம்: பன்னிரண்டரைக்குள் சாப்பாடு, கேரியரைக் கையில் கொடுத்ததும் மகனுக்கு ஒரு வாட்ஸ்அப், கதவு திறக்கவில்லை என்றால் உடனே போன். ஒரு சாப்பாட்டுக்கு 100 ரூபாய் வருகிறது, செலவு 3 ரூபாய் கூடி 59. மிச்சம் 41. பதினான்கில் மூன்று பேர் விலகி 11 பேர் இருந்தால் மாதம் 11,726 ரூபாய். இந்த விலையேற்றத்தில் எவ்வளவு ஆபத்து என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடலாம். எட்டுப் பேர் தங்கினாலே 8,528 ரூபாய் வரும், பழைய 7,644ஐவிட அதிகம். அதாவது ஆறு பேர் வரை விலகினாலும் நஷ்டமில்லை.

இங்கே ஒரு சபலம் வரும்: 'சர்க்கரை நோயாளிகளுக்கான ஸ்பெஷல் சாப்பாடு' என்று பெயர் வைத்தால் இன்னும் கூடுதலாகக் கேட்கலாமே என்று. உணவியல் நிபுணர் வகுத்த அளவு கையில் இல்லாமல் அப்படிச் சொல்வது, காப்பாற்ற முடியாத வாக்குறுதி. 'உப்பு, காரம், எண்ணெய் குறைவு' என்பது அக்காவால் தினமும் காப்பாற்ற முடிந்தது. பயன் கட்டத்தில் அதை மட்டும் எழுத வேண்டும்.

அலுவலகத்தின் கோடு நேராக இருக்கிறது, அறுந்த இடம் காலத்தில். 45 நாள் கழித்துப் பணம் வருகிறது என்றால் எந்த நேரத்திலும் 27,000 ரூபாய்வரை வெளியில் நிற்கும். மளிகைக்காரர் அவ்வளவு நாள் பொறுப்பதில்லை. முதியவர்களின் முன்பணத்தில்தான் அக்கா அலுவலகத்துக்கு அரிசி வாங்கிக்கொண்டிருக்கிறார். இதை கேன்வாஸ் காட்டாது. அதில் தேதிகளுக்கு இடமே இல்லை. வருமானத் தாளில் தொகையோடு 'எப்போது' என்பதையும் எழுதும் பழக்கம் இருந்தால்தான் கண்ணில் படும். ரேட்டை ஏற்றாமல், பதினைந்து நாளுக்கு ஒரு பில் என்று மாற்றக் கேட்பதே இங்கே போதுமான திருத்தம்.

இடது பக்கம் தாங்குமா?

வலது பாதியைத் திருத்தியதும் தாளை மூடிவிடக் கூடாது. இடது பாதியில் மூன்று நிறமும் ஒரே அடுப்பில்தான் சந்திக்கின்றன.

முதல் மோதல் சாம்பாரில். 'உப்பு சப்பில்லை' என்ற புகார் விடுதியிலிருந்தும், 'காரம் ஜாஸ்தி' என்ற புகார் முதியவர்களிடமிருந்தும் ஒரே நாளில் வந்தால், அது சமையலின் குறையாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு கூட்டத்துக்கு ஒரே பயனைக் கொடுக்கப் பார்ப்பதன் அறிகுறியாக இருக்கலாம். தனித்தனியாகச் சமைத்தால் ஒரு மணி நேரம் கூடும். பருப்பும் காயும் புளியும் பொதுவாகக் கொதிக்கட்டும், பொடியும் உப்பும் குறைவாகப் போட்டு முதியவர் பங்கை முதலில் எடுத்துவிட வேண்டும். மீதியில் உப்பைக் கூட்டி, மிளகாய் தாளித்துக் கொட்டினால் இளைஞர்களுக்கும் அலுவலகத்துக்கும் ஆகிவிடும். பத்து நிமிடத்தில் முடிகிற காரியம்.

இரண்டாவது மோதல் டெலிவரி. பன்னிரண்டரைக்கு முதியவர்கள், ஒரு மணிக்கு அலுவலகம், ஒன்றரைக்கு விடுதிகள் என்று நேரம் வரிசையாக விழுவது அதிர்ஷ்டம்தான். மும்பை டப்பாவாலாக்கள் சமைப்பதில்லை, டப்பாவைச் சுமந்து சேர்ப்பதற்கு மட்டும்தான் மாதக் கட்டணம் வாங்குகிறார்கள். 1890இலிருந்து அது தொடர்வதற்கு முக்கியக் காரணம், குறித்த நேரம், குறித்த பாதை, பல டப்பாக்களுக்கு ஒரே நடை. விடுதி வாசலில் ஒரே நடையாகக் கொடுப்பதும் அதே கணக்குதான்.

ஆனால் டெலிவரிப் பையன் பக்கம் இருந்து பார்க்க வேண்டும். பழைய முறையில் நடைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தினம் 524 ரூபாய் கிடைத்தது. புதிய முறையில் அது 242 ஆகிவிடும். அந்தப் பணத்துக்கு அவர் நாலைந்து நாளில் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவர் போனால் பன்னிரண்டரை மணி என்ற வாக்குறுதியும் கூடவே போய்விடும். கூட்டாளிகள் கட்டத்தில் அவர் பெயர் இருப்பதன் பொருள் இதுதான். சுற்று குறைந்துவிட்டதால் இரண்டு மணி நேர வேலைக்குத் தினம் 350 என்று நிலையாகப் பேசினால் நியாயமாக இருக்கும். அதற்கு மாதம் 2,808 ரூபாய் கூடுதலாகும்.

இப்போது மொத்தக் கணக்கு. முதியவர்கள் 11,726, இளைஞர்கள் 3,952, அலுவலகம் 6,240, கூட்டினால் 21,918. நிலையான செலவு 10,500ம் பையனுக்கான கூடுதல் 2,808ம் போக 8,610 ரூபாய். தினச் சாப்பாடு 40இலிருந்து 29 ஆகக் குறைந்திருக்கிறது. விற்பனையும் 79,480இலிருந்து 63,440 ஆக இறங்கியிருக்கிறது. கையில் நிற்பது மூன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. மணிக்கு 15 ரூபாயாக இருந்த அக்காவின் கூலி 55 ஆகிறது. பெரிய வருமானம் இல்லைதான், ஆனால் இதை எங்கிருந்து வளர்க்கலாம் என்பது இப்போது தெரிகிறது: இன்னும் இரண்டு இளைஞர் வருவதைவிட ஒரு முதியவர் வீடு சேர்வது ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், எண்ணிக்கைக்குப் பின்னால் ஓடவும் வேண்டாம்.

இத்தனையும் தாளில் போட்ட கணக்கு என்பதை மறக்கக் கூடாது. 11 பேர் தங்குவார்கள், எட்டுப் பேர் கூப்பன் வாங்குவார்கள் என்பதெல்லாம் ஊகம். ஒரே நாளில் மூன்றையும் மாற்றினால் எது பலித்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். முதலில் ஒரு விடுதியில் மட்டும் கூப்பனை இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். தினமும் சமைத்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று மூன்று எண்களைக் குறித்தால் போதும். மிஞ்சுவது குறைந்தால் அடுத்த விடுதிக்குப் போகலாம். எதிர்த் தெருவில் புதிதாக ஒரு மெஸ் திறந்தாலும் இந்தத் தாளில் தெரியாது. போட்டிக்கு அதில் கட்டம் இல்லை. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

புதிய ஆர்டர் வரும்போது

இந்தத் தாளின் நிஜமான உபயோகம், ஆசை காட்டும் ஓர் ஆர்டர் வரும் நாளில் தெரியும். விடுதி நடத்துபவர் ஒருவர் வந்து, 'அக்கா, தினம் ராத்திரிக்கு 25 சாப்பாடு வேணும். 60 ரூபாய், மாசம் முதல் தேதி பணம். என் ஆளே வந்து எடுத்துப்பான்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 39,000 ரூபாய் வியாபாரம்.

யார் வாடிக்கையாளர்? சாப்பிடும் இளைஞர்கள் இல்லை, விடுதிக்காரர். அவருக்கு என்ன பயன்? தன் விடுதியில் சமையல்காரர் வைக்காமல் 25 பேருக்கு நேரத்துக்குச் சாப்பாடு. வரவின் வடிவம் அதற்குப் பொருந்துகிறதா? எண்ணிக்கை நிலையானது, பணம் முன்கூட்டி வருகிறது, டெலிவரி இல்லை. வடிவம் கச்சிதம். அளவைப் பார்ப்போம். பொருள் 42, கேஸ் 4, பாத்திரம் கழுவ 2, மொத்தம் 48. ஒரு சாப்பாட்டில் 12 மிஞ்சும், மாதம் 7,800. மாலை நேரத்துக்கு உதவிக்கு ஆள் வைக்க 6,000 போனால், அக்காவுக்கு 1,800. தினம் மூன்று மணி நேரம், 26 மாலைகள். மணிக்கு 23 ரூபாய்.

மதியம் மணிக்கு 55 சம்பாதிக்கிற கை, மாலையில் 23க்கு நிற்க வேண்டியதில்லை. அதற்காக ஆர்டரைத் தள்ளிவிடவும் வேண்டாம், கோடு நேராக இருக்கிறது. 68 ரூபாய் என்று சொன்னால் மாதம் 13,000 மிஞ்சி, ஆள் சம்பளம் போக 7,000 நிற்கும், மணிக்கு ஏறக்குறைய 90. விடுதிக்காரர் 64க்கு இறங்கி வந்தால் 4,400, மணிக்கு 56. அதற்குக் கீழே பேச்சில்லை என்று அக்கா அங்கேயே, அவர் எதிரிலேயே சொல்லிவிடலாம்.